ஜெர்மன் வாடகை விளம்பரம்: KM, NK, KT எல்லாம் என்ன, 2,430 யூரோ அட்வான்ஸ் கட்டலாமா?

பவானிக்கரை, 12 ஜனவரி 2026, காலை

ஏப்ரல்ல டோர்ட்முண்டில் முதுகலை ஆரம்பம். ஈரோட்டிலிருந்து வீடு தேடுறேன். நண்பனும் நானும் சேர்ந்து எடுக்கிறதா திட்டம். விளம்பரம் முழுக்க ஒற்றை எழுத்தும் புள்ளியுமா இருக்கு, மொழிபெயர்ப்பு செயலியில போட்டா இன்னும் குழப்புது. இதை யாராவது தமிழ்ல சொல்லுங்க. மின்னஞ்சல்ல அட்வான்ஸ் 2,430 யூரோ கேட்டிருக்காங்க. கட்டலாமா?

```
2 ZKB, 48 qm, 3. OG, Bj. 62, EBK, Blk., Kell., NR
KM 620 + NK 110 + HK 80, 3 MM KT
V, 128 kWh, Gas, Kl. D, ab 1.4.
```

ஹம்பர்க்காரன், 12 ஜனவரி, காலை

KM வெறும் வாடகை. NK தண்ணி, குப்பை, மாடிப்படி விளக்கு மாதிரி செலவு. HK குளிருக்குச் சூடேத்துற செலவு. KT அட்வான்ஸ், 3 MM-னா மூணு மாச வாடகை. 620, 110, 80 கூட்டினா 810. மூணால பெருக்கினா 2,430. கணக்கு நேரா இருக்கு, கட்டிடுங்க. டோர்ட்முண்டில வீடு கிடைக்கிறதே பெரிசு.

மூன்றாம்மாடி, 12 ஜனவரி, இரவு

கட்டாதீங்க, பொறுங்க. கூட்டல் சரி, பெருக்கினது எதை என்பதுதான் தப்பு.

ஜெர்மன் சிவில் சட்டம் 551ஆம் பிரிவுப்படி வீட்டு அட்வான்ஸ் அதிகபட்சம் மூணு மாச வாடகை. அந்த வாடகையில NK, HK சேராது. KM மட்டும்தான். ஆக 620 × 3 = 1,860 யூரோ. அதுக்கு மேல கேட்கிற 570 யூரோவுக்குச் சட்டத்தில இடமில்லை. இன்னொன்று, அதை மூணு சம தவணையா மாசாமாசம் கட்டுற உரிமை வாடகைக்காரருக்கு உண்டு. முதல் 620 ஒப்பந்த காலம் தொடங்கும்போது, மிச்ச ரெண்டும் அடுத்த ரெண்டு மாச வாடகையோட. "ஒரே தடவையில மொத்தமும்" என்று ஒப்பந்தத்தில எழுதியிருந்தாலும் அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது.

விளம்பரத்தில 3 MM என்று மட்டும் போட்டால் எந்த வாடகை என்று தெரியாது. விவரமானவங்க 3 NKM என்று எழுதுவாங்க, அதாவது செலவு எதுவும் சேராத வாடகை. சின்ன வீட்டுக்காரர் சிலர் சட்டம் தெரியாமலே 2,430 கேட்கிறது உண்டு. அதனால இது மட்டுமே மோசடிக்கு ஆதாரமாகாது. ஆனா அந்த மின்னஞ்சலை முழுசா போடுங்க, பெயரை மட்டும் எடுத்துட்டு.

மத்த எழுத்துகள். 2 ZKB என்றால் ரெண்டு அறை, சமையலறை, குளியலறை. அந்த ரெண்டு அறையில ஒன்றுதான் ஹால், அதனால இது நம்மூர் 1BHK. ரெண்டு பேருக்கு ஆளுக்கொரு படுக்கையறை என்று நினைச்சு எடுத்தால் ஒருத்தர் ஹாலில்தான் படுக்கணும். 3. OG தரைத்தளத்துக்கு மேல மூணாவது மாடி. `Aufz.` என்று எங்கேயும் இல்லை, ஆக லிஃப்ட் இல்லைன்னே வைச்சுக்கோங்க. Bj. 62 கட்டின வருஷம். Blk. பால்கனி. Kell. நிலவறையில கம்பித் தடுப்பு போட்ட ஒரு சாமான் அறை. NR புகைபிடிக்காதவர்.

EBK-யைக் கவனிங்க. சமையலறை அலமாரி, அடுப்பு, தொட்டி எல்லாம் பொருத்தியிருக்கு என்று அர்த்தம். அந்த மூணு எழுத்து இல்லாத வீட்டில சமையலறை என்கிறது சுவரில நீட்டிக்கிட்டு இருக்கிற தண்ணிக்குழாயும் ஒரு பிளக்கும்தான். பாத்திரம் கழுவுற தொட்டிகூட நாமதான் வாங்கணும்.

தேவிஅக்கா_டோர்ட்முண்ட், 13 ஜனவரி

தம்பி, கடைசி வரியை ஒருத்தரும் சொல்லேல்லை. அது கட்டிடத்தின்ரை எரிசக்திச் சான்றிதழ். V எண்டால் அங்க இருந்த ஆக்கள் மூண்டு வருசமா உண்மையா எரிச்ச கணக்கு. B எண்டால் பொறியியலாளர் கணக்குப் பாத்துப் போட்டது. 128 எண்டது ஒரு சதுர மீட்டருக்கு வருசத்துக்கு. D வகுப்பு 100இல இருந்து 130 வரைக்கும், அதாலை 128 D எண்டது பொருந்துது.

இதை வைச்சு HK உண்மையோ எண்டு பாக்கலாம். 128ஐ வீட்டின்ரை 48 சதுர மீட்டராலை பெருக்குங்கோ, 6,144 யூனிட். காஸ் யூனிட்டுக்கு 11 சென்ட் எண்டு வைச்சால் வருசம் 676 யூரோ, மாசம் 56. மீட்டர் வாசிக்கிற செலவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 80 எண்டது நியாயம். அதே வீட்டுக்கு HK 30 எண்டு போட்டிருந்தால் வாடகை குறைவா தெரியும், பிறகு வருசக் கணக்கு வரேக்கை பல நூறு யூரோ கூடக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அது மோசடி எண்டு பொலிசுக்குப் போகேலாது, ஆனால் காசு போறது போறதுதான்.

மூன்றாம்மாடி, 13 ஜனவரி

அக்கா சொன்னதோட ஒரு சேர்க்கை. சான்றிதழில இருக்கிற பரப்பளவு வீட்டுப் பரப்பளவைவிடக் கூடுதலா கணக்கிடப்படும், அதனால இந்தப் பெருக்கல் ஒரு தோராயம்தான். 56க்கு 80 சரி. 56க்கு 30 சரியில்லை. அந்த அளவுக்குத்தான் நம்பலாம்.

HK-யே காணோம் என்றால் ரெண்டு காரணம் இருக்கலாம். NK-க்குள்ளேயே சேர்த்திருக்கலாம், அப்போ `NK inkl. HK` என்று இருக்கும். இல்லை என்றால் GEH, வீட்டுக்குள்ளேயே தனி காஸ் கொதிகலன். காஸ் கம்பெனியோட ஒப்பந்தம் உங்க பேரில. ரெண்டுமில்லாமல் `WM 730` என்று மொட்டையா இருந்தால் எதெல்லாம் சேர்ந்தது என்று கேளுங்க. வீட்டு மின்சாரம் வழக்கமா WM-இல் சேராது, தனியா எழுதியிருந்தால் ஒழிய.

ஹம்பர்க்காரன், 13 ஜனவரி

WM வாஷிங் மெஷின் இல்லையா? போன வாரம் பார்த்த விளம்பரத்தில WM vorh. என்று இருந்துச்சு.

தேவிஅக்கா_டோர்ட்முண்ட், 13 ஜனவரி

ரெண்டும்தான். பக்கத்தில எண் நிண்டால் எல்லாச் செலவும் சேர்ந்த வாடகை. `vorh.` நிண்டால் இருக்கு எண்டு அர்த்தம், அப்ப உடுப்புத் தோய்க்கிற மெஷின். `Std.` எண்டால் மணித்தியாலம், `Stud.` எண்டால் மாணவர். அதையும் மாத்தி வாசிக்கிறவை கனபேர்.

பவானிக்கரை, 14 ஜனவரி

மின்னஞ்சல் சுருக்கம் இது. உரிமையாளர் வேலை விஷயமா வேற நாட்டில இருக்காராம். வீட்டைக் காட்ட ஆள் இல்லையாம். 2,430 வங்கியில போட்டதும் ஒரு கம்பெனி மூலமா சாவியும் ஒப்பந்தமும் கூரியர்ல வரும், பிடிக்கலைன்னா பத்து நாளில பணம் திரும்ப வரும்னு எழுதியிருக்கார். பாஸ்போர்ட் ரெண்டு பக்கமும் ஸ்கேன் கேட்கிறார். அவரோட பாஸ்போர்ட் ஸ்கேனை அவரே முதல்ல அனுப்பிட்டார். IBAN கணக்கு எண் ஜெர்மனியோட DE-ல ஆரம்பிக்கல, ஸ்பெயினோட ES. விளம்பரம் மட்டும் நீங்க சொல்ற மாதிரி எல்லாக் கணக்கும் சரியா வருதே?

மூன்றாம்மாடி, 14 ஜனவரி, இரவு

இது மோசடி. அனுப்பாதீங்க.

விளம்பரம் ஏன் சரியா வருது என்றால், அது பெரும்பாலும் உண்மையான விளம்பரம். யாரோ ஒரு நிஜ வீட்டுக்காரர் போட்டதைப் படங்களோட அப்படியே எடுத்து, தொடர்பு முகவரியை மட்டும் மாத்திப் போடுவாங்க. அதனால 128 யூனிட்டும் D வகுப்பும் பொருந்தும், கட்டின வருஷமும் பொருந்தும். எழுத்துகளை வாசிக்கிற திறமை இங்கே வேற விதமா உதவும்: விளம்பரத்தை எழுதின ஆளும் மின்னஞ்சல் எழுதுற ஆளும் ஒருத்தரா என்று பாருங்க. இந்த விளம்பரத்தை எழுதினவர் KM, NK, HK மூணையும் பிரிச்சுப் போடுற அளவுக்கு விவரமானவர். அவர் அட்வான்ஸுக்கு 810ஐ மூணால பெருக்க மாட்டார். 2,430 என்று எழுதினவருக்கு அந்த மூணு எண்ணுக்கும் வித்தியாசமே தெரியலை.

இப்ப இதைச் செய்யுங்க. அவரிடம் மூணு கேள்வி: நிலவறை சாமான் அறை எத்தனை சதுர மீட்டர்? கொதிகலன் வீட்டுக்குள்ளயா, கட்டிடத்துக்குப் பொதுவா? போன வருஷச் செலவுக் கணக்கில HK எவ்வளவு வந்தது? வீட்டுக்காரர் என்றால் கணக்குத்தாளைப் பார்த்துப் பதில் சொல்லுவார். மோசடிக்காரர் கேள்வியைத் தாண்டிப் பணத்துக்கே வருவார், கூடவே "இன்னும் ரெண்டு பேர் கேட்கிறாங்க" என்பார். படங்களைத் தேடுபொறியில படமாவே போட்டுத் தேடுங்க, வேற ஊர்ப் பெயரில அதே பால்கனி வரும் வாய்ப்பு அதிகம்.

அவர் அனுப்பின பாஸ்போர்ட் அவரோடதாகவே இருக்காது. முன்னாடி ஏமாந்த இன்னொருத்தரோடதா இருக்கும். உங்களோடதை அனுப்பினால் அடுத்த ஆளுக்கு அது போகும். வீடு பார்க்கிற கட்டம்வரை வீட்டுக்காரருக்கு அது தேவையே இல்லை. ஒப்பந்தம் போடும்போது நேரில காட்டினால் போதும்.

ஹம்பர்க்காரன், 15 ஜனவரி

அப்ப விதி எளிசு. வீட்டைப் பார்க்காம ஒரு யூரோ கட்டாதே. ES, LT-ன்னு ஆரம்பிக்கிற கணக்கு எல்லாம் திருட்டு.

மூன்றாம்மாடி, 15 ஜனவரி

ரெண்டுலயும் பாதிதான் சரி.

பல்கலைக்கழக விடுதிகளை நடத்துற ஸ்டுடியரென்டென்வெர்க் அறையைப் பார்க்காமலே அட்வான்ஸ் வாங்கும். அதுதான் அங்கே நடைமுறை, இந்தியாவிலிருந்து வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் கட்டுறாங்க. வித்தியாசம் என்னன்னா, நீங்க அவங்க தளத்தில விண்ணப்பம் போட்டு, வரிசையில காத்திருந்து, அதே தளத்து முகவரியிலிருந்து ஒப்பந்தம் வந்த பிறகு அந்த நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள கணக்குக்குக் கட்டுறீங்க. பவானிக்கரை, இன்னைக்கே டோர்ட்முண்ட் விடுதிக்கும் விண்ணப்பம் போட்டு வைங்க, காத்திருப்பு நீளம்.

கணக்கு எண் விஷயம்: இணையவழி வங்கிகள் பலதுக்கு வேற நாட்டு எண்தான் வரும், நேர்மையானவங்களும் வைச்சிருக்காங்க. ஆனா டோர்ட்முண்டில வாடகைக்கு விடுறவர், முகம் காட்டாதவர், ES கணக்கு என்று மூணும் சேரும்போது அது சந்தேகத்தைக் கூட்டுது. 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாட்டு வங்கிகள் பணம் அனுப்பும் முன்னாடி, நீங்க போட்ட பெயரும் அந்த எண்ணுக்குரிய பெயரும் ஒத்துப்போகுதா என்று காட்டணும். பெயர் பொருந்தலைன்னு திரையில வந்தால் நிறுத்திடுங்க. இந்தியாவிலிருந்து அனுப்பினா இந்தச் சோதனை கிடைக்காது. அங்கே இருக்கிற நண்பர் மூலமா அனுப்புறதுக்கு இது ஒரு காரணம்.

தேவிஅக்கா_டோர்ட்முண்ட், 16 ஜனவரி

தம்பி, ஆளை அனுப்பிப் பாக்கிறது நல்லம். தெருவையும் வீட்டு இலக்கத்தையும் கேளுங்கோ. போறவர் கீழ்வாசல் மணிப்பலகையில என்ன பேர் இருக்கெண்டு பாத்து, ஒரு மணியை அடிச்சுக் கேட்டால் அந்தக் கட்டிடத்தில வீடு காலியோ எண்டு அயலுக்குத் தெரியும்.

இன்னொரு சொல்லையும் பாத்துக் கொள்ளுங்கோ: `ohne Anm.` அல்லது `keine Anmeldung mögl.` அந்த விலாசத்தில நகரசபையில பதிய விடமாட்டம் எண்டு அர்த்தம். அறை உண்மையா இருக்கும், சாவியும் தருவினம், ஆனால் எடுக்காதேங்கோ. குடிவந்து ரெண்டு கிழமைக்குள்ள பதிய வேணும். வீடு தாறவர் அதுக்குக் கையெழுத்துப் போட்ட தாள் தரவேணுமெண்டது 2015 நவம்பரிலயிருந்து சட்டம். பதிவு இல்லாமல் வரி இலக்கம் தபாலிலை வராது, விசா நீடிப்பும் இழுபடும்.

பவானிக்கரை, 17 ஜனவரி

மூணு கேள்வி அனுப்பினேன். பதில்: "எல்லா விவரமும் ஒப்பந்தத்தில இருக்கு, இன்னைக்கு மாலைக்குள் பணம் வந்தால் உங்களுக்கே." படத்தைத் தேடினேன், அதே சமையலறை லைப்ஸிக் என்று ஒரு பழைய விளம்பரத்தில இருக்கு. தளத்தில புகார் கொடுத்துட்டேன்.

இப்ப வேற ஒன்று பார்க்கிறேன்: `WG-Zi., 14 qm, möbl., ZM 1.4.–30.6., WM 390, KT 390, Abst. 250 VB`. மூணு மாசம்தானே, பரவாயில்லையா?

நெல்லைக்குமார், 17 ஜனவரி

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். இது விளம்பர மோசடி பத்தின இழைதானே, என் வேலை விளம்பரத்தையும் சொல்லிடுறேன். எசென்ல படிக்கிறேன். மாணவன், வாரம் பத்து மணி நேரம் மினிஜாப் என்கிற சின்ன பகுதிநேர வேலை தேடுறேன், கார் லைசென்ஸ் இருக்குன்னு நானே ஒரு விளம்பரம் போட்டேன்:

```
Stud. su. Minijob, 10 Std./Wo., FS Kl. B, Deutsch B1
```

ரெண்டு பதில் வந்துச்சு. ஒன்னு: மாசம் 603 யூரோ, வாரம் 15 மணி நேரம், கிடங்குல. இன்னொன்னு: வீட்டிலிருந்தே செயலி சோதனை, ஒரு வங்கிச் செயலியில அடையாளச் சோதனை எப்படி நடக்குதுன்னு வீடியோவில பாஸ்போர்ட் காட்டி மதிப்பெண் போடணும், ஒரு சோதனைக்கு 50 யூரோ. ரெண்டாவது சுலபமா தெரியுது.

ஹம்பர்க்காரன், 17 ஜனவரி

மினிஜாப் சம்பளத்துக்கு மாச உச்சவரம்பு 556. 603 என்றாலே அது மினிஜாப் இல்லை, வரி பிடிப்பாங்க.

மூன்றாம்மாடி, 17 ஜனவரி, இரவு

556 போன வருஷத்து வரம்பு. 2026 ஜனவரி 1 முதல் 603. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82இலிருந்து 13.90 ஆனதால அதுவும் ஏறிடுச்சு. 603ஐ 13.90ஆல வகுத்தால் மாசம் 43 மணி நேரம், வாரம் பத்து. குமார் விளம்பரத்தில போட்ட பத்து மணி நேரம் சரியா அதுதான். வாரம் 15 என்றால் மாசம் 65 மணி நேரம், மணிக்கு 9 யூரோ 28 சென்ட் விழும். சட்டத்துக்குக் கீழே. இவங்க பெரும்பாலும் ஒப்பந்தத்தில பத்து மணி நேரம் என்று எழுதி, பதினைஞ்சு வேலை வாங்குவாங்க. வந்த நேரம், போன நேரம் தினமும் நீங்களே குறிச்சு வைக்கணும், இல்லாட்டி பின்னால கேட்க ஆதாரம் இருக்காது.

ரெண்டாவதுதான் ஆபத்து. அது சோதனையே இல்லை. வீடியோவில பாஸ்போர்ட் காட்டும்போது உங்க பெயரில நிஜமான வங்கிக் கணக்கு திறக்கப்படுது. கடவுச்சொல் அவங்க கையில. போலி வீட்டு அட்வான்ஸ் பணம் இப்படித் திறந்த கணக்குகளில் இறங்குறது உண்டு. போலீஸ் தேடி வர்றது கணக்குக்குப் பெயர் உள்ளவரை. வீடியோ பேசுற வங்கி ஊழியர், "யாராவது வேலைக்காக இதைச் செய்யச் சொன்னாங்களா?" என்று கேட்பார். "இல்லை என்று சொல்லு, அது சோதனையின் பகுதி" என்று அவங்க முன்னாடியே சொல்லி வைச்சிருப்பாங்க. உங்களுக்கு அப்படி எழுதியிருக்காங்களா?

நெல்லைக்குமார், 18 ஜனவரி

அப்படியே எழுதியிருக்காங்க. பாஸ்போர்ட் படம் ஏற்கெனவே அனுப்பிட்டேன். வீடியோ இன்னும் செய்யல.

தேவிஅக்கா_டோர்ட்முண்ட், 18 ஜனவரி

வீடியோ செய்யாதேங்கோ தம்பி. அவையோடை கதைச்சதெல்லாத்தையும் படம் பிடிச்சு வைச்சுக்கொண்டு பொலிசில முறைப்பாடு குடுங்கோ, இணையத்திலயும் குடுக்கலாம். அந்த வங்கிக்கும் ஃபோன் பண்ணி உங்கட பேரில கணக்கு ஏதும் தொடங்கியிருக்கோ எண்டு கேளுங்கோ. கேட்டு வாற பதிலையும் எழுத்தில வாங்குங்கோ.

வேலை தேடி விளம்பரம் போடுறவைக்குத்தான் இவை கூட எழுதுறவை, ஏனெண்டால் காசு தேவை எண்டு நீங்களே சொல்லிப் போட்டியள். `FS Kl. B` எண்டு கார் லைசென்ஸைப் போட்டதாலை இனிப் பொதி வாங்கி மாத்தி அனுப்புற வேலை எண்டும் வரும். திருட்டுக் கார்டிலை வாங்கின சாமான் அது. உங்கட கணக்கிலை காசு வாங்கி இன்னொருத்தருக்கு அனுப்பச் சொன்னாலும் அதே கதைதான், அது காசு வெளுக்கிற குற்றம். தெரியாது எண்டு சொன்னாலும் சில நேரம் தப்பேலாது. `auf Gewerbeschein` எண்டு வாறதையும் விடுங்கோ. உங்களைச் சொந்தத் தொழில் செய்யிறவர் எண்டு காட்டுறது. மாணவ விசாவிலை அதுக்குத் தனி அனுமதி வேணும்.

மூன்றாம்மாடி, 18 ஜனவரி

பவானிக்கரை, உங்க ZM கேள்வி விட்டுப்போச்சு. WG-Zi. என்றால் பலர் சேர்ந்து இருக்கிற வீட்டில ஒரு அறை. ZM என்றால் குடியிருக்கிறவர் ஊருக்குப் போற மூணு மாசத்துக்கு உங்களுக்கு விடுறார். அவர் உரிமையாளர் இல்லை, அதனால வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில காட்டச் சொல்லுங்க. நகரசபைத் தாளில அவரே கையெழுத்துப் போடலாம், போடுவாரா என்று இப்பவே கேளுங்க. KT 390 ஒரு மாசம், வரம்புக்குள் இருக்கு.

Abst. 250 VB-தான் எனக்குப் பிடிக்கலை. அது கட்டில், அலமாரி மாதிரி சாமானை விலைக்கு வாங்கிக்கிறதுக்கான தொகை, VB என்றால் பேரம் பேசலாம். ஆனா மூணு மாசம் கழிச்சு அவர் திரும்பி வந்து அதே கட்டிலில்தான் படுக்கப் போறார். அப்புறம் நீங்க எதை வாங்குறீங்க? விளம்பரத்திலேயே `möbl.`, அதாவது கட்டில், அலமாரியோட என்று வேற இருக்கே.

பவானிக்கரை, 19 ஜனவரி

கேட்டேன். "அது பழக்கம், எல்லாரும் கொடுப்பாங்க" என்றார். வீடியோவில அறையைக் காட்டினார், ஜன்னலைத் திறந்து தெருப் பலகையையும் காட்டினார். சம்மதக் கடிதம் நாளைக்கு அனுப்புறாராம். 250 தரமாட்டேன், KT-யைச் சாவி வாங்கும்போது கையில தர்றேன்னு சொல்லியிருக்கேன்.

ஹம்பர்க்காரன், 19 ஜனவரி

தெருப் பலகை காட்டினார்னா உண்மையான ஆள்தான். 250-ஐ 100க்குப் பேசி முடிங்க, 390க்கு மாணவர் அறை போயிடும்.

தேவிஅக்கா_டோர்ட்முண்ட், 20 ஜனவரி

அறை உண்மை எண்டு மட்டும்தான் பலகை சொல்லும். ஒரே அறையை அஞ்சு பேருக்குக் காட்டி அஞ்சு பேரிட்டையும் KT வாங்குறவையும் இருக்கினம். கடிதம் வரட்டும், அதிலை வீட்டுக்காரரின்ரை தொலைபேசி இலக்கமும் இருக்கவேணும். இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கிறதுக்கு ஜெர்மன் தெரியாட்டில் எனக்குத் தனிச் செய்தி போடுங்கோ, நான் எடுக்கிறன். காசு கையிலை குடுக்கிறதெண்டால் தொகை, திகதி, எதுக்கு, ரெண்டு பேரின்ரை கையெழுத்து எல்லாம் போட்ட ரசீது சாவியோடை வாங்கவேணும்.